கொடும்பாளூர் இளவரசியின் பெயர் பிடாரி!



அண்மைக் காலமாக நம் நாட்டில் சரித்திரக் கதை எழுதும் ஆர்வம் பெருகியிருக்கிறது. 2022இலும் 2023இலும் பொன்னியின் செல்வன் திரைப்படங்கள் வந்த பிறகு அந்த ஆர்வம் இன்னும் கூடிற்று. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் நான் அறிந்த ஆசிரியர்கள் சிலர் சோழர் காலத்தைப் பின்னணியாகக் கொண்டு நாவலே எழுதத் தொடங்கியுள்ளனர். மாணவர்களும் பள்ளி மேடைகளுக்காக அரச நாடகங்களை எழுதுகின்றனர். மகிழ்ச்சிதான். ஆனால், அந்தக் கதைகளில் நடமாடுவோரின் பெயர்களைப் படிக்கும்போது நமக்குத் தலை சுற்றுகிறது.

ஒரு கதைப் போட்டிக்கு வந்த படைப்புகளைத் திருத்தும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. அவற்றுள் பல கதைகள் இராஜராஜ சோழனின் தஞ்சையில் நிகழ்பவை. அவற்றில் வந்த பெயர்கள்: யாழினி, கயல்விழி, தமிழ்ச்செல்வி, இளமாறன், நிலவன், மதிவதனி. எல்லாம் இனிய பெயர்கள். நம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் இருக்க வேண்டிய பெயர்கள். ஆனால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு தஞ்சைத் தெருவில் நின்று இப்பெயர்களை உரக்கக் கூப்பிட்டிருந்தால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்?

இவற்றுள் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டின் தனித்தமிழ் உணர்வு நமக்குத் தந்த கொடை. மறைமலையடிகளுக்குப் பிறகு தமிழர்கள் தம் பிள்ளைகளுக்குத் தூய தமிழில் பெயரிட வேண்டும் என்று உறுதி கொண்டு பெயர்களைப் புதிதாகப் படைத்தார்கள். பழைய சொற்களை எடுத்து மெருகேற்றினார்கள். அந்த உணர்வை நான் வணங்குகிறேன். பிள்ளைக்கு யாழினி என்று பெயர் வைக்கும் பெற்றோரை நான் ஒருபோதும் குறை கூறேன். அந்தப் பெயரை இராஜராஜனின் அரண்மனைக்குள் கொண்டுபோய் வைத்து, 'இதுதான் பழந்தமிழ்ப் பெயர்' என்று மாணவனை நம்ப வைப்பதையே நான் எதிர்க்கிறேன்.

கல்கி எங்கிருந்து எடுத்தார்?

இப்படிச் சொன்னவுடன் ஒரு பதில் தயாராக வரும்: "கல்கியே வானதி, பூங்குழலி, நந்தினி என்று எழுதவில்லையா?"

எழுதினார். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த பொன்னியின் செல்வனில் நந்தினியும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் அவருடைய கற்பனை மாந்தர்கள். ஆனால், அந்த நாவலின் எலும்புக்கூடு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வந்தியதேவன் கற்பனைப் பெயர் அன்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இராஜராஜனின் தமக்கை குந்தவையார், வல்லவரையர் வந்தியதேவரின் தேவியார் என்று குறிக்கப்படுகிறார். அந்த ஒரு குறிப்பிலிருந்துதான் கல்கி ஒரு கதாநாயகனையே வளர்த்தெடுத்தார். கொடும்பாளூர்ப் பெரிய வேளாருக்கு அவர் இட்ட பூதி விக்கிரமகேசரி என்ற பெயரும் கொடும்பாளூர்க் கல்வெட்டில் உள்ளதுதான். சதிகாரன் இரவிதாசனும் அப்படியே. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலின் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், அவன் தம்பி இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது.

ஆக, கல்கி கல்வெட்டைப் படித்தார். இன்றைய நம் எழுத்தாளர்கள் கல்கியைப் படிக்கிறார்கள். நோய் இங்குதான் இருக்கிறது. கல்கியிடமிருந்து எடுக்காதீர்கள், கல்கி எடுத்த இடத்திலிருந்து எடுங்கள்!

கல்கியின் கொடும்பாளூர் இளவரசி வானதி. மெல்லிய பெயர், மயங்கி விழும் பெண்ணுக்குப் பொருத்தமான பெயர். சரி, கல்வெட்டில் வரும் கொடும்பாளூர் இளவரசி ஒருவரின் பெயரைச் சொல்லட்டுமா? பூதி ஆதித்த பிடாரி! இவர் கொடும்பாளூர் வேளிர் குடியில் பிறந்தவர். முதலாம் பராந்தக சோழனின் மகன் அரிகுலகேசரியின் தேவி. அந்த அரிகுலகேசரியே இராஜராஜனின் பாட்டன் அரிஞ்சயன் என்பது ஆய்வாளர் கருத்து. திருச்சிக்கு அருகிலுள்ள திருச்செந்துறைக் கோயிலைக் கல்லால் எடுப்பித்தவர் இந்தப் பிடாரிதான்.

இன்று 'பிடாரி' என்றால் நமக்கு வசைச் சொல். அடங்காத பெண்ணை அடங்காப்பிடாரி என்கிறோம். பத்தாம் நூற்றாண்டிலோ அது ஊரைக் காக்கும் தெய்வத்தின் பெயர். ஓர் அரசகுமாரிக்கு மனமுவந்து சூட்டிய பெயர். இந்த ஒரு பெயரை மாணவனுக்குச் சொல்லுங்கள். சொல்லின் மதிப்பு காலத்தால் எப்படித் தலைகீழாகிறது என்பதை அவன் ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்வான். யாழினி என்ற பெயரால் அந்தப் பாடத்தை நடத்த முடியுமா?

பெயரின் கட்டமைப்பு

பழைய பெயர் என்பது ஓர் ஒற்றைச் சொல் மட்டும் அன்று. அதற்கு ஓர் அமைப்பு உண்டு. அந்த அமைப்பு தெரிந்தால் பெயர் தானே பிறக்கும்.

நம் பிறப்புப் பத்திரத்தில் முதலில் பிள்ளையின் பெயர், பிறகு ஏ/எல் அல்லது ஏ/பி, அதன் பிறகு தந்தையின் பெயர் என்று இருக்கும். சோழர் கல்வெட்டில் இது தலைகீழ். முதலில் தந்தை பெயர், அடுத்து தன் பெயர். அதன் பின் 'ஆன' என்ற சொல். அதன் பின் அரசன் அளித்த பட்டம். தஞ்சைப் பெரிய கோயிலின் நிருவாகத்தைக் கவனித்த அலுவலர் ஒருவரின் பெயர் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான். நம் அடையாள அட்டையில் எழுதினால் இவர் வெறும் 'சூரியன் ஏ/எல் ஆதித்தன்'. தென்னவன் மூவேந்தவேளான் என்பது அவர் பெற்ற பட்டம். கோயிலைக் கட்டிய தலைமைத் தச்சனின் பெயரும் அவ்வாறே: வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன். கோயிலின் திருச்சுற்று மாளிகையை எடுப்பித்த சேனாபதியோ கிருஷ்ணன் இராமனான மும்முடிச்சோழ பிரமமாராயன்.

கடைசிப் பெயரை மீண்டும் ஒருமுறை படியுங்கள். கிருஷ்ணன் இராமன்! பிரிக்பீல்ட்சு அடுக்குமாடியின் அஞ்சல் பெட்டியில் இன்றும் காணக்கூடிய பெயர். அவர்தான் இராஜராஜனின் படைத்தலைவர். நம் போட்டிக் கதைகளில் வந்த படைத்தலைவரோ 'வெற்றிவேந்தன்'.

பட்டத்தைக் கொண்டு ஆளின் நிலையையும் அறியலாம். மூவேந்தவேளான் என்று முடிந்தால் பெரும்பாலும் நிலமுடைய வேளாளர் குடியைச் சேர்ந்த அலுவலர். பிரமாதிராஜன், பிரமமாராயன் என்று முடிந்தால் அந்தணர். பெருந்தச்சன் என்றால் கைவினைஞர். அந்தணச் சேனாபதிக்கு மூவேந்தவேளான் பட்டம் கொடுத்து எழுதினால், கல்வெட்டு தெரிந்தவர் முதல் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

பட்டத்தின் முன்பகுதியில் காலமே ஒளிந்திருக்கிறது. அங்கு வருவது பெரும்பாலும் ஆளும் அரசனின் பெயர் அல்லது விருது. ஆகவே 985இல் அரியணை ஏறிய இராஜராஜனின் பெயரைத் தாங்கிய பட்டம், அவன் தந்தை சுந்தர சோழனின் காலத்துக் கதையில் வரக் கூடாது. கடாரங்கொண்டான் என்ற விருதை ஒட்டிய எந்தப் பெயரும் 1025க்கு முன் இருக்க முடியாது. அந்த ஆண்டில்தானே இராஜேந்திரனின் கடற்படை நம் பக்கம் வந்தது! எழுதியவர் ஆண்டைத் தவறவிட்டாரா என்பதைப் பெயரை வைத்தே பிடித்துவிடலாம்.

இப்போது நாமே ஒரு பெயரை அமைத்துப் பார்ப்போம். கதை நிகழும் ஆண்டு 1010, இடம் தஞ்சை. நமக்கு ஒரு வேளாள அலுவலர் வேண்டும். தந்தைக்குக் கண்டன், மகனுக்குச் சாத்தன் என்று வைப்போம். இரண்டும் கல்வெட்டுகளில் பழகிய பெயர்கள். அரசன் இராஜராஜன். ஆகவே, கண்டன் சாத்தனான இராஜராஜ மூவேந்தவேளான். வீட்டில் அவர் சாத்தன். ஊரார் முன் மூவேந்தவேளார். அவருக்கு ஒரு மகள் உண்டென்றால் அவள் சாத்தன் பரவை. இதே மனிதரை 965ஆம் ஆண்டுக் கதைக்குக் கொண்டுசென்றால் பட்டத்தை மட்டும் பராந்தக மூவேந்தவேளான் என மாற்ற வேண்டும். இதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது? ஐந்து நிமிடம் ஆகியிருக்குமா?

நானூறு பெண்களின் பெயர்ப்பட்டியல்

"ஆண்களுக்குச் சரி, பெண்களின் பெயர்களைக் கல்வெட்டில் எங்கே தேடுவது?" என்று கேட்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் மதிலிலேயே தேடலாம். பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை இராஜராஜன் அங்கே பொறித்து வைத்தான். எந்தத் தெருச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்பதெல்லாம் அதில் உண்டு. ஒவ்வொருத்திக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் பங்கு. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அந்தப் பட்டியல் முழுமையாக அச்சாகியுள்ளது, இணையத்திலும் கிடைக்கிறது.

அதிலிருந்து சில பெயர்கள்: சேரமங்கை, எடுத்தபாதம், சோழகுலசுந்தரி, இராஜகேசரி. இவற்றின் முன் நக்கன் என்ற அடைமொழி வரும். நக்கன் என்பது சிவபெருமானின் பெயர். தந்தை பெயர் நிற்க வேண்டிய இடத்தில் இறைவன் பெயர் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். இந்த ஓர் எழுத்து வழக்கிலேயே ஒரு நாவலுக்கான கரு இருக்கிறது.

எடுத்தபாதம் என்ற பெயரைப் பாருங்கள். தூக்கிய திருவடியை உடைய ஆடல்வல்லானை எண்ணி, ஆடப் பிறந்த பெண்ணுக்கு இட்ட பெயர். இதைவிட அழகிய பெயரை எந்தக் கற்பனை எழுத்தாளர் படைத்துவிடுவார்? இராஜகேசரி என்பதோ சோழ மன்னர்கள் மாறி மாறிச் சூடிய பட்டப்பெயர். அதையே ஒரு பெண் தன் பெயராகத் தாங்கியிருக்கிறாள். இவற்றை எல்லாம் விட்டுவிட்டு 'மதிவதனி' எதற்கு?

சங்க காலம் வேறு

இன்னொரு குழப்பமும் நடக்கிறது. சோழர் என்றால் கரிகாலனும் இராஜராஜனும் அண்டை வீட்டார் என்று எண்ணி, ஒரே பெயர்ப் பட்டியலை இரு காலத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். இடையில் ஏறத்தாழ 800 ஆண்டுகள் உள்ளன. சங்க காலக் கதையில் 'வர்மன்' வந்தால் அது பல்லவர் காலத்துக்குப் பிந்திய காற்று.

சங்க காலப் பெயர்கள் குறுகியவை, நேரானவை. ஆதன், சாத்தன், கீரன், கொற்றன், அந்துவன், வழுதி. கீழடிப் பானை ஓட்டில் குவிரன் ஆதன் என்ற பெயர் கிடைத்திருக்கிறது. மாங்குளம் குகைக் கல்வெட்டில் பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி. 2006இல் கண்டெடுக்கப்பட்ட புலிமான்கோம்பை நடுகல்லில், ஆநிரைப் பூசலில் மாண்டவனின் பெயர் அந்தவன். எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசேர் அல்-கதீமில் கிடைத்த ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள். பானை தன்னுடையது என்று தெரிவதற்காக ஒருவன் கீறிய பெயர்தான் இன்று நமக்குச் சான்று.

சங்க இலக்கியத்திலிருந்து பெண்களின் பெயர் எடுப்பது சற்றுக் கடினம். காரணம், அகப்பாடல்களில் தலைவன் தலைவிக்குப் பெயர் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. எனவே பாடலுக்குள் தேடினால் கைக்கு ஒன்றும் அகப்படாது. பாடியவர்களின் பெயர்களில் தேடுங்கள்: நச்செள்ளை, வெள்ளிவீதி, மாசாத்தி. செள்ளை, சாத்தி போன்ற சொற்களே அக்காலத்துப் பெண்பெயரின் உறுப்புகள்.

தூய்மைவாதிகளுக்கு ஒரு சொல்

இதுவரை வந்தோர் சிலர் இந்த இடத்தில் முகம் சுளிக்கக் கூடும். "பரமேசுவரன், கிருஷ்ணன், இராஜகேசரி என்றெல்லாம் வடசொற்களை மாணவருக்குக் கொடுக்கலாமா? கல்வெட்டில் இருந்தாலும் தமிழாக்கிக் கொடுப்போமே!" என்கிறார்கள்.

கூடாது என்பதே என் பதில். கொடுமணல் அகழாய்வில் கிடைத்த ஓடுகளில் கண்ணன் ஆதனும் உண்டு. சுமணனும் விசாகியும் உண்டு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கொங்கு நாட்டுக் கைவினை ஊர் ஒன்றில் வடபுலத்துப் பெயர் தாங்கியோரும் தமிழ்ப் பெயர் தாங்கியோரும் சேர்ந்து வாழ்ந்தனர். பெயரை மாற்றினால் அந்த மனிதர்களை இல்லாமல் ஆக்குகிறோம். நம் பிள்ளைக்குப் பெயரிடுவது நம் உரிமை. செத்துப்போன ஒருவரின் பெயரைத் திருத்துவது நம் உரிமை ஆகாது. தமிழின் தொன்மையை நாட்டுவதற்குப் பொய்ச்சான்று தேவையில்லை. பொய்ச்சான்று ஒன்று பிடிபட்டால், உண்மைச் சான்று பத்தையும் உலகம் ஐயுறும்.

"கதைதானே, ஆய்வுக் கட்டுரையா?" என்பது மற்றோர் எதிர்ப்பு. கதைதான். சில இடங்களில் எழுத்தாளர் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். உடையார்குடிக் கல்வெட்டில் வரும் ஒரு தாயின் பெயர் பெரிய நங்கைச்சாணி. சாணி என்பது அக்காலத்தில் அந்தணப் பெண்டிரின் பெயரில் வரும் மதிப்புச் சொல். ஆறாம் ஆண்டு வகுப்பில் இதைப் படித்தால் மாணவர்கள் சிரித்து உருளுவார்கள். கதையின் சோகமே கெட்டுவிடும். அந்த இடத்தில் 'பெரிய நங்கை' என்று சுருக்கிக்கொள்ளுங்கள். அது சுருக்கம், பொய் அன்று. கற்பனை மாந்தருக்கும் அக்காலத்து உறுப்புகளைக் கொண்டு பெயர் அமைக்கலாம். ஒன்றே ஒன்று மட்டும் வேண்டாம்: இந்நூற்றாண்டின் பெயரை அந்நூற்றாண்டின் ஆடையில் நிறுத்தாதீர்கள்.

கடாரத்தாருக்கும் பெயர் உண்டு

நாம் வாழும் மண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இராஜேந்திரனின் கடாரப் படையெடுப்பை நம் பிள்ளைகள் விரும்பி நாடகமாக்குகின்றனர். அவற்றில் கடாரத்து இளவரசி என்றால் சாண்டில்யனின் கடல்புறா வழியாகக் காஞ்சனாதேவி வந்துவிடுகிறாள். கடாரத்து அரசனுக்கோ கொடூரமான ஒரு பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். சோழர்கள்கூட இப்படிச் செய்யவில்லையே! தாங்கள் வென்ற மன்னனின் பெயரைச் சங்கிராம விசயோத்துங்கவர்மன் என்று முழுமையாகக் கல்லில் பொறித்தார்கள். நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்தோடு தொடர்புடைய சூளாமணிவர்மன், மாறவிசயோத்துங்கவர்மன் என்ற தந்தை மகன் பெயர்கள் ஆனைமங்கலச் செப்பேட்டில் உள்ளன. 1090ஆம் ஆண்டில் முதலாம் குலோத்துங்கனிடம் வந்த கடாரத்துத் தூதர் இருவரின் பெயர்களும் தெரியும்: இராஜவித்யாதர சாமந்தன், அபிமானோத்துங்க சாமந்தன். எதிரியின் தூதனுக்குக்கூட நாம் உண்மைப் பெயர் சொல்ல முடிகிறது. அப்படியிருக்க, நம் மாணவர் எழுதும் நாடகத்தில் ஏன் வெறும் 'கடாரத் தூதுவன் 1', 'கடாரத் தூதுவன் 2'?

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். மாணவர் ஒரு சரித்திரக் கதையைக் கொண்டுவந்தால், ஒவ்வொரு பெயரின் கீழும் மூன்று கேள்விகளை எழுதுங்கள்.

1. இப்பெயரை எந்தக் கல்வெட்டில், எந்த ஓட்டில், எந்தப் புலவர் பெயரில் கண்டாய்?
2. இவர் யாருடைய மகன் அல்லது மகள்? அந்தப் பெயர் முன்னால் நிற்கிறதா?
3. பட்டம் இருந்தால், அதில் உள்ள அரசன் கதை நிகழும் ஆண்டுக்குள் பட்டம் ஏறிவிட்டானா?

தேடுவதற்குக் கருவி இல்லை என்றும் சொல்ல முடியாது. நொபொரு கராசிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகிய மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் தொகுத்து மூன்று தொகுதிகளாக 1978இலேயே வெளியிட்டுவிட்டார்கள். மூவரில் இருவர் சப்பானியர்! நம் முன்னோரின் பெயர்களை ஒவ்வொன்றாக எண்ணி அடுக்குவதற்கு அவர்களுக்குப் பொறுமை இருந்தது. அதைப் புரட்டிப் பார்க்கும் பொறுமை நமக்கு இல்லையா?

பிடாரியும் எடுத்தபாதமும் கடலன் வழுதியும் கல்லில் காத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை அழையுங்கள்.